பன்னிரண்டு மணி ரீடிங்

ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கான சின்னச் சின்ன ஷாஃப்ட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். மெஷினில் நிற்பவர் மணிக்கு ஒரு முறை ஒரு பீஸை எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த அளவைச் செக் ஷீட்டில் எழுத வேண்டும். எழுதியது நிஜம்தானா என்று நான் பார்க்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் ஷிஃப்ட்டுக்கு உரிய எட்டு ரீடிங்கையும் காலை டீக்கு முன்னாலேயே ஒரே மூச்சில் எழுதிவிட்டு நிம்மதியாக நிற்கும் புண்ணியவான்கள் எல்லா லைனிலும் இருக்கிறார்கள்.

அவர்களைப் பிடிப்பதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. நிஜமாக அளந்த அளவு ஒரே இடத்தில் நிற்காது. கடைசி இலக்கம் கொஞ்சம் மேலே போகும், கொஞ்சம் கீழே வரும். எட்டு ரீடிங்கும் ஒரே எண்ணாக, ஒரே சாய்வில், ஒரே பேனாவில் இருந்தால் அங்கே யாரும் எதையும் அளக்கவில்லை என்று அர்த்தம். அப்படியும் ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு என்னிடம் ஒரு வைத்தியம் இருந்தது. பதினொரு மணிக்கு அந்தப் பக்கம் போவது போலப் போய், மைக்ரோமீட்டரை எடுத்து வந்து என் டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவேன். மதியம் போய்ப் பார்த்தால் பன்னிரண்டு மணி ரீடிங் ஷீட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

"ஏண்ணா, மைக்ரோமீட்டர் என் டிராயர்ல தூங்குது. பன்னெண்டு மணிக்கு எத வச்சு அளந்தீங்க? கண்ணாலயா?"

சேலத்துக்கார ஆபரேட்டர் ஒருவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். "விடுங்க மேடம். எப்பவும் அதே அளவுதான வருது?" என்பார். அளக்காமலே எப்படித் தெரியும் என்று நான் கத்துவேன். லைனே திரும்பிப் பார்க்கும்.

இப்பேர்ப்பட்ட நான்தான் ஒருவனிடம் நாற்பது நாள் ஏமாந்தேன். அதை எழுத உட்கார்ந்தால் இப்போதும் காது சூடாகிறது. அவன் மேல் பாதிக் கோபம், என் மேல் பாதிக் கோபம் என்று சொல்லலாம். பாதிக்கு மேலேயே என் மேல்தான்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அம்மா இல்லை. அப்பா அண்ணன் வீட்டில் இருக்கிறார். கிருஷ்ணகிரியில் இருக்கும் சித்திதான் எனக்குக் கல்யாணம் பண்ணிவைத்தே தீருவது என்று நின்றாள். ஈஸ்டர் முடிந்து இரண்டாவது ஞாயிறு, பூசைக்கு வரச்சொல்லிக் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் ஒருவரைக் காட்டினாள். காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மாம்பழக்கூழ் செய்யும் ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிறார். நாற்பது வயது. மனைவி இறந்து நாலு வருடம், பிள்ளை இல்லை. சட்டைக் கைப்பொத்தானை மணிக்கட்டு வரைக்கும் போட்டிருந்தார். நான் ஏதோ பேச வேண்டுமே என்று, வரும்போது பஸ்ஸில் குடையை விட்டுவிட்டதைச் சொன்னேன். நீலக்குடை, கம்பெனியில் பரிசாகக் கொடுத்தது. "எந்த பஸ்ஸுங்க? டவுன் பஸ்ஸா, தருமபுரி போறதா?" என்று கேட்டார். பாய்லர் லைசென்ஸுக்குப் பரீட்சை எழுதப் போவதாகச் சொன்னார். நான் "அப்படியா, நல்லது" என்றேன். அவ்வளவுதான். நம்பர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெறுப்பும் இல்லை, விருப்பமும் இல்லை. ரெண்டு வாரம் கழித்து, அண்ணன் எப்போதோ எனக்காகப் பதிந்துவைத்த கல்யாண ஆப்பில் ஒரு விருப்பம் வந்தது. வெளிநாட்டில் பாலம் கட்டும் என்ஜினியர், தமிழ்க் கத்தோலிக்கர், வயது நாற்பத்திரண்டு. ஆப்பில் நாலு வரி பேசியதும், "இதில் அடிக்கடி வரமாட்டேன், உங்கள் வாட்ஸ்அப் எண் தாருங்கள்" என்றான். கொடுத்தேன்.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு, கம்பெனி பஸ் என்னை ஏற்றிக்கொண்ட நேரத்தில் முதல் பத்தி வந்தது. பத்தி என்றுதான் சொல்ல வேண்டும். "இனிய காலை வணக்கம் அன்பே. உங்கள் புகைப்படத்தைப் பார்த்தபோதே நீங்கள் கடவுள் பயமுள்ள பெண்மணி என்பதை உணர்ந்தேன். நம்பிக்கையும் நேர்மையும்தான் ஒரு உறவின் அடித்தளம். வயதும் தூரமும் வெறும் எண்கள்." பிழையில்லாத தமிழ். முற்றுப்புள்ளி வைத்த இடத்தில் முற்றுப்புள்ளி. எனக்கு வாழ்க்கையில் யாரும் அவ்வளவு நீளமாக எதுவும் எழுதியதில்லை. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

அதன்பிறகு தினமும் காலையில் ஒரு பத்தி, கேன்டீன் நேரத்தில் "சாப்பிட்டீர்களா அன்பே", சாயங்காலம் ஒரு பத்தி. நான் எல்லாம் சொன்னேன். ஆடிட் வருவதை, சூப்பர்வைசர் எரிந்து விழுவதை, குடியிருக்கும் வீட்டில் ரெண்டு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வருவதை. பதிலுக்கு அவன், "வாழ்க்கையில் சவால்கள் வரும், கடவுள் நம்மோடு இருக்கிறார்" என்பான். ஆடிட்டுக்கும் அதுதான், தண்ணீருக்கும் அதுதான். பெரிய படிப்புப் படித்தவர்கள் இப்படித்தான் பொதுவாகப் பேசுவார்கள் போல என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் கூழ் ஃபேக்டரிக்காரரும் எப்போதாவது ஒரு வரி அனுப்புவார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, பாதி எழுத்தை முழுங்கி அனுப்புவார். மாம்பழ சீசன், மூன்று ஷிஃப்ட்டும் ஓடுகிறது என்பதால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் பல நாள் ஆகும். ஒரு முறை "குடை கிடைச்சுதா" என்று கேட்டிருந்தார். கல்யாணம் பேசும் மனுஷன் கேட்கிற கேள்வியா இது என்று போனைப் பையில் போட்டேன்.

சித்தி போன் பண்ணிக்கொண்டே இருந்தாள். "ஏட்டி, அந்தத் தம்பி உன் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கு. உண்டு, இல்லன்னு ஒண்ணு சொல்லித் தொலையேன்."

"ஆடிட் முடியட்டும் சித்தி."

ஆடிட் முடிந்தது. அடுத்த சாக்கு சொன்னேன். என் மனசில் பாலம் கட்டுகிறவன் இருந்தான். ஆகஸ்டில் வருவதாகச் சொல்லியிருந்தான். சித்தியிடம் எப்படிச் சொல்வது, எந்தப் புடவை கட்டுவது என்பது வரைக்கும் யோசித்துவைத்திருந்தேன்.

மே மாதக் கடைசியில் அம்மாவின் நினைவு நாள் வந்தது. அன்று காலை அவனுக்கு எழுதினேன். அம்மா போய்ப் பதினேழு வருடம் ஆகிறது, கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன், அம்மா கேட்ட பதநீரை டாக்டர் கூடாது என்றதால் கொடுக்காமல் விட்டுவிட்டேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது என்று. இதை நான் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. அனுப்பிய மறு விநாடி பதில் வந்தது.

"உங்கள் குடும்பத்தைப் பற்றி அறிந்ததில் மகிழ்ச்சி அன்பே. விரைவில் உங்கள் அம்மாவின் கையால் சமைத்த உணவைச் சாப்பிட ஆசை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்."

திரும்பவும் ஒரு முறை படித்தேன். ஆனால் என்ன செய்தேன் தெரியுமா? வேலை மும்முரத்தில் சரியாகப் படிக்கவில்லை பாவம், என்று நினைத்துக்கொண்டேன். சேலத்துக்காரர் ஒரு ரீடிங்கை மாற்றி எழுதினால் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் போகிறவள், செத்துப்போன அம்மாவுக்கு வணக்கம் சொன்னவனுக்கு மட்டும் பாவம் பார்த்தேன். இதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஜூன் மாதம் ஒரு நாள் பீஸைப் புரட்டும்போது ஓரத்துப் பிசிறு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் மூன்று தையல். கட்டுப் போட்ட கையோடு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து, இடது கையால் தட்டுத்தடுமாறி அடித்தேன்: "இன்று கை கிழிந்து மூன்று தையல் போட்டிருக்கிறார்கள். ரொம்ப வலிக்கிறது." பக்கத்து சீட்டில் எப்போதும் போல பேக்கிங் செக்ஷன் பெண் இருந்தாள். தளிப் பக்கத்து ஊர், வீட்டில் பேசுவது கன்னடம், என்னைவிட எட்டு வயது சின்னவள். என் விரல் படும் பாட்டைப் பார்த்து, போனை அவள் பிடித்துக்கொண்டாள். அப்போதே பதில் வந்து விழுந்தது.

"உங்கள் நாள் இனிமையாக அமைந்தது என்று கேட்க மகிழ்ச்சி என் ராணி. உங்கள் புன்னகை என்னைக் கவனித்துக்கொள்கிறது. நம்பிக்கையும் நேர்மையும்தான் ஒரு உறவின் அடித்தளம்."

அவள் கன்னடத்தில் ஏதோ திட்டினாள். பிறகு தமிழுக்கு வந்தாள். "அக்கா, இந்தாளு நீ எழுதுனத படிக்கவே இல்லக்கா."

"வேலையா இருப்பாரு."

"வேலையா இருந்தா பதிலே வராது. இது பாரு, இவ்ளோ நீளம் எழுதணும்னா அஞ்சு நிமிஷம் ஆகும். டைப் பண்றாங்கன்னு மேல காட்டணும். காட்டவே இல்ல. பொத்துனு வந்து விழுது. எங்கயோ எழுதி வச்சத எடுத்து ஒட்டுறான்கா."

எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. போனைப் பிடுங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் சொன்னது பொய் என்று காட்டத்தான் அந்த உரையாடலின் தேடும் பெட்டியில் "அடித்தளம்" என்று அடித்தேன். ஒன்பது இடத்தில் வந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். முதல் நாள் பத்தி அப்படியே, ஒரு புள்ளி பிசகாமல், மூன்று முறை வந்திருந்தது. வேறொரு பத்தியின் வாலில் "உங்கள் மகனின் படிப்புக்காக ஜெபிக்கிறேன்" என்று இருந்தது. எனக்கேது மகன்? நான் அப்போது அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். காலையில் வருகிறவன் "அன்பே" என்கிறான், சாயங்காலம் வருகிறவன் "என் ராணி" என்கிறான். அதையும் ஒருவனுடைய இரண்டு மனநிலை என்று நம்பியிருந்தேன். ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறுகிறான் என்பது ஷிஃப்ட் பார்க்கிற எனக்கு உறைக்கவில்லை.

எட்டு கட்டத்திலும் ஒரே எண். நாற்பது நாளாக அந்த ஷீட் என் கையில் இருந்திருக்கிறது.

இருந்தாலும் மனசு லேசில் விடுமா? இவன் விஷயத்திலும் மைக்ரோமீட்டரை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவது என்று முடிவு பண்ணினேன். மறுநாள் கேன்டீனில் வழக்கம் போல "சாப்பிட்டீர்களா அன்பே, என்ன சாப்பிட்டீர்கள்" என்று வந்தது. பேக்கிங் பெண்ணை எதிரே உட்காரவைத்துக்கொண்டு எழுதினேன்: "அரைக் கிலோ போல்ட் சாப்பிட்டேன். தொட்டுக்கொள்ள கிரீஸ். போல்ட்டில் கொஞ்சம் உப்பு தூக்கல்."

சாம்பார் ஆறுவதற்குள் பதில் வந்தது. "கேட்கவே நாவில் ஊறுகிறது அன்பே. சத்தான உணவு ஆரோக்கியத்துக்கு நல்லது. ஒரு நாள் உங்கள் கையால் எனக்கும் ஊட்டுவீர்களா?"

அவள் சிரித்த சிரிப்பில் மேசையே ஆடியது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போல்ட்டுக்கும் என் அம்மாவுக்கும் ஒரே மரியாதை. நாற்பது நாள் நான் யாரிடமும் பேசவில்லை. ஒரு சுவரிடம் அம்மாவின் பதநீரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

"அழாதக்கா, அசிங்கமா இருக்குது. எல்லாரும் பாக்கறாங்கோ," என்றாள். என் போனை வாங்கி, அந்த முதல் பத்தியை அப்படியே எடுத்து இணையத்தில் போட்டுத் தேடினாள். எங்கோ ஒரு பெண் அதே பத்தியைப் படம் பிடித்துப் போட்டு, இதை நம்பாதீர்கள் என்று எழுதியிருந்தாள். அவளுக்கும் கடவுள் பயம், அவளுக்கும் அடித்தளம். கடைசியில் பரிசுப் பார்சல் வருகிறது என்று சொல்லி, கஸ்டம்ஸ் என்று பணம் பிடுங்கியிருக்கிறார்கள்.

ஆறு நாள் கழித்து எனக்கும் பார்சல் செய்தி வந்தது. கைக்கடிகாரம், தங்கச் சங்கிலி, ஒரு பைபிள் அனுப்பியிருப்பதாகப் பட்டியல். பைபிளையும் சேர்த்திருந்தான் பாவி. அதற்காகவே காத்திருந்தவள் போல எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு, ஆப்பிலும் சைபர் கிரைம் தளத்திலும் புகார் கொடுத்தேன். அவனுக்கு நாலு கெட்ட வார்த்தை எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. அதற்கும் மகிழ்ச்சி அன்பே என்று பதில் வந்தால் எனக்குத் தாங்காது. எண்ணைத் தடை செய்தேன்.

அதோடு முடிந்திருந்தால் இதை ஒரு வேடிக்கைக் கதையாகக் கேன்டீனில் சொல்லிக்கொண்டு இருந்திருப்பேன்.

அந்த ஞாயிறு காலை, சித்திக்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமே என்று கூழ் ஃபேக்டரிக்காரரின் உரையாடலைத் திறந்தேன். இரண்டு மாதத்தில் அவர் அனுப்பியது மொத்தம் ஐந்தே செய்தி. முதலில் இருந்து படித்தேன்.

"குடை கிடைச்சுதா."

"பஸ் ஸ்டாண்டுல ஆபீஸ்ல கேட்டேன். நீலக் குடை வரலையாம். டிப்போல கேக்க சொன்னாங்க."

"ஆடிட் நாளைக்குனு உங்க சித்தி சொன்னாங்க. நல்லபடியா முடிஞ்சுதா."

"அம்மா நினைவு நாள்னு கேள்விப்பட்டேன். இங்க கோயில்ல பூசைக்கு குடுத்துருக்கேன். பேரு சரியானு பாருங்க." கீழே அம்மாவின் பெயர், ஒரு எழுத்துத் தப்பாக.

"கைல தையலாமே. எந்த கை."

ஒவ்வொன்றுக்கும் கீழே என் பதில் இருந்தது. "ஓகே. டூட்டில இருக்கேன், அப்புறம் பேசறேன்." குடைக்கு அதுதான். ஆடிட்டுக்கு அதுதான். அம்மாவின் பூசைக்கும் அதேதான், ஒரு எழுத்து மாறாமல். பெயர் சரியா என்று அவர் கேட்டதற்குக்கூட டூட்டியில் இருக்கேன் என்று சொல்லியிருக்கிறேன். நினைவு நாளன்று எனக்கு லீவு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரைப் பிடித்துத் திட்டுவது? சேலத்துக்காரரை நிற்கவைத்துக் கேட்டது போல என்னை நானே நிற்கவைத்துக் கேட்க வேண்டியிருந்தது. மேடம், இந்த மனுஷனை எதை வைத்து அளந்தீர்கள்?

உட்கார்ந்து எழுதினேன். தையல் போட்டது வலது கை, பிரித்துவிட்டார்கள், இன்னும் முழுசாக மடக்க முடியவில்லை. அம்மாவின் பெயரில் ஒரு எழுத்துத் தப்பு, ஆனால் அம்மாவுக்குப் புரிந்திருக்கும். நன்றியை இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. பரீட்சை எழுதப் போவதாகச் சொன்னீர்களே, எழுதினீர்களா, என்ன ஆயிற்று? சித்தியிடம் என் பதிலைச் சொல்லலாம் என்று இருக்கிறேன், முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும், எனக்குச் சம்மதம். எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அனுப்பினேன்.

அன்றைக்குப் பதில் இல்லை. திங்கட்கிழமையும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி சுமாருக்கு பஸ்ஸுக்கு நிற்கும்போது, 'டைப் பண்ணுகிறார்' என்று மேலே காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. பஸ் வந்து, ஏறி, சீட்டில் உட்கார்ந்த பிறகும் காட்டிக்கொண்டே இருந்தது. பேக்கிங் பெண் எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிப்காட் வாசலுக்குப் பஸ் திரும்பும்போது வந்தது. அதே இங்கிலீஷ் எழுத்து, அதே முழுங்கல்.

"மன்னிச்சுக்கங்க. எனக்கு வேற இடத்துல பேசி முடிச்சுட்டாங்க. முந்தாநாள் பூசைல முதல் ஓலை வாசிச்சாங்க. உங்க பதில ரொம்ப நாள் பாத்தேன். பரீட்சை பாஸ்ங்க. நீங்கதான் கேட்டீங்க, வேற யாரும் கேக்கல. அம்மா பேரு தப்புக்கு சாரி, இன்னொரு பூசை சரியா குடுத்துடறேன். டிப்போலயும் போயி கேட்டேன், குடை இல்லையாம். புதுசு வாங்கிக்கங்க, அங்க மழை ஆரம்பிச்சுட்டுதே."

கல்யாணம் நிச்சயமானால் கோயிலில் அதை அறிவித்துத் திருமண ஓலை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். அவருடைய முதல் ஓலையை வாசித்த அதே ஞாயிறு காலையில்தான் நான் சம்மதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன் தானாகவே கீழே மூன்று பதில்களை எடுத்துக் காட்டியது. "நன்றி." "ஓகே." "வாழ்த்துகள்." ஒன்றைத் தொட்டால் போதும், போய்விடும். நான் எதையும் தொடவில்லை. கேட்டில் இறங்கி, மழைத் தூறலில் நனைந்துகொண்டே ஓரமாக நின்று, மடங்காத விரலால் அவருக்குப் பதில் அடித்தேன். அன்று என் பஞ்ச் பதினேழு நிமிடம் லேட்.